வீட்டுக் கடனுக்குக் கோரிக்கைக் கடிதம் வந்தால்: கெடு எவ்வளவு, என்ன செய்யலாம்

வீட்டுக் கடன் தவணை மூன்று நான்கு மாதம் பிந்திவிட்டால், வங்கியிடமிருந்தோ அதன் வழக்கறிஞர் நிறுவனத்திடமிருந்தோ ஒரு கடிதம் வருகிறது. அதில் ஒரு பெரிய தொகையும், ‘14 நாட்களுக்குள்’ என்ற கெடுவும், கட்டாவிட்டால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என்ற எச்சரிக்கையும் இருக்கும். பினாங்கில் இத்தகைய கடிதங்களுடன் உதவி கேட்டு வருகிறவர்களிடம் இரண்டு தவறான எண்ணங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். பதினைந்தாம் நாள் வீட்டைப் பூட்டிவிடுவார்கள் என்று சிலர் அஞ்சி, வட்டிக்கடைக்காரரிடம் ஓடுகிறார்கள். வேறு சிலர், லெலோங் வரைக்கும் போக இன்னும் ஒரு வருடம் ஆகும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். முதலாமவர்களின் அச்சத்துக்குச் சட்டத்தில் அடிப்படை இல்லை. இரண்டாமவர்களுக்கோ, ஏல நாளுக்கு வெகு முன்பே, மிக மலிவான வழி கையைவிட்டுப் போய்விடுகிறது. அந்த வழி எது, எப்போது அடைபடுகிறது என்பதைச் சொல்லவே இந்த வழிகாட்டி. வாடகைக் கொள்முதலில் வாங்கிய வாகனத்துக்கும் கடனட்டைக்கும் விதிகள் வேறு என்பதால் அவற்றை இங்கே தொடவில்லை.

முதல் வேலை: கடிதம் எந்தத் தொகையைக் கேட்கிறது என்று பார்ப்பது

கடிதம் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். மலாய்க் கடிதத்தில் ‘துங்காக்கான்’ என்று குறிக்கப்படுவது கட்டாமல் விட்ட தவணைகளின் பாக்கி. ‘பாக்கி தெர்ஹூத்தாங்’ அல்லது ‘ஜும்லா தெர்ஹூத்தாங்’ என்பது கடனின் மொத்த நிலுவை. கடிதத்தில் இரண்டு எண்களுமே இருக்கலாம். எந்த எண்ணுக்கு எதிரே ‘இந்த நாட்களுக்குள் செலுத்துக’ என்ற வாசகம் இருக்கிறது என்பதே முக்கியம்.

பாக்கியை மட்டும் கேட்கும் கடிதம் வந்தால், கடன் ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். பாக்கியைக் கட்டி, மாதத் தவணையைத் தொடர்ந்தால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். மொத்த நிலுவையையும் ஒரே நேரத்தில் கேட்கும் கடிதம் வந்தால், வங்கி தவணை வசதியை ரத்து செய்து கடனைத் திரும்ப அழைத்துவிட்டது என்று பொருள். அதன்பிறகு விட்டுப்போன நான்கு தவணைகளை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தாலும், பழைய ஒப்பந்தத்துக்குத் திரும்பவேண்டிய கட்டாயம் வங்கிக்கு இல்லை. அது வங்கி சம்மதித்தால் மட்டுமே நடக்கும்.

அதனால்தான் முதல் கடிதம் வந்த நாட்களே மிக மதிப்புள்ளவை என்று சொல்கிறேன். அப்போது உங்கள் கடன் சில ஆயிரம் வெள்ளி. ஒரு மாதம் கழித்து அதே கடன் சில இலட்சம் வெள்ளியாக நிற்கும்.

கடிதத்தைச் சரிபார்ப்பது

கடிதத்தின் தேதியையும், அது கைக்கு வந்த தேதியையும் உறையின் மேலேயே எழுதி, உறையைப் பத்திரப்படுத்துங்கள். இரண்டு தேதிகளும் ஏன் தேவை என்பது பின்னால் விளங்கும். பதிவுத் தபாலை வாங்க மறுப்பதால் பயன் எதுவும் இல்லை. சட்டம் ஏற்கும் முறையில் உங்கள் முகவரிக்கு அனுப்பப்பட்டது சேர்ப்பிக்கப்பட்டதாகவே கொள்ளப்படலாம். உள்ளே என்ன எழுதியிருந்தது என்பது தெரியாமல் நாட்களை இழப்பவர் நீங்கள்தான். வீடு மாறியிருந்தால் வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாடகைக்கு விட்ட வீட்டின் தபால் பெட்டியில் கிடந்தே கெடு முடிந்துபோன கடிதங்கள் உண்டு.

கடிதம் வழக்கறிஞர் நிறுவனத்திடமிருந்து வந்திருந்தால், அந்தப் பெயரை மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையப் பட்டியலில் தேடிப் பார்த்து, உங்கள் வங்கியின் பொதுத் தொலைபேசி எண்ணில் கூப்பிட்டு, இப்படி ஒரு கடிதம் அனுப்பப்பட்டதா என்று கேளுங்கள். கடிதத்தில் தனியார் பெயரில் ஒரு கணக்கு எண் இருந்தால் அதற்குப் பணம் போடவேண்டாம். உங்கள் கடன் கணக்கின் எண் பழைய அறிக்கைகளில் இருக்கிறது. சந்தேகம் தீரும் வரை அதற்கு மட்டுமே கட்டுங்கள்.

பிறகு கணக்கு. கடந்த ஓராண்டுக் கடன் கணக்கறிக்கையை வங்கியிடம் கேட்டு வாங்கி, நீங்கள் கட்டிய ஒவ்வொரு தவணையும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தாமதக் கட்டணத்தைத் தனியே பார்க்கவேண்டும். பேங்க் நெகாரா விதிப்படி அது பாக்கியான தவணைத் தொகையின் மேல் ஆண்டுக்கு 1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. வழக்கமான வட்டி இதிலிருந்து வேறு. அது நிலுவை முழுவதின் மேலும் நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

பட்டர்வொர்த்தில் தாமான் வீடு ஒன்று வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. கணவருக்குப் பிறையில் தொழிற்சாலை வேலை. ஓவர்டைம் நின்றுபோனதால் நான்கு தவணை விட்டுப்போயிற்று. கடன் நிலுவை 231,400 வெள்ளி, வட்டி 4 விழுக்காடு, மாதத் தவணை 1,420 வெள்ளி. பாக்கி 5,680 வெள்ளி.

தாமதக் கட்டணம் எவ்வளவு வரவேண்டும்? முதலில் விட்ட தவணை நான்கு மாதம் பிந்தியிருக்கிறது, அடுத்தவை மூன்று, இரண்டு, ஒன்று என்று பிந்தியிருக்கின்றன. ஆகக் கூட்டினால் பத்து மாதம். 1,420 வெள்ளியின் 1 விழுக்காடு 14 வெள்ளி 20 சென். அதைப் பன்னிரண்டால் வகுத்துப் பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 12 வெள்ளி வருகிறது. கடிதத்தில் தாமதக் கட்டணம் என்ற பெயரில் நூற்றுக்கணக்கில் ஒரு தொகை இருந்தால், அதற்கு விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அது வழக்கறிஞர் செலவையும் சேர்த்து எழுதியதாக இருக்கலாம். பெரும்பாலான கடன் ஒப்பந்தங்களில் அந்தச் செலவு கடன் வாங்கியவர் தலையில்தான் விழும், ஆனாலும் அதைத் தனியாகக் காட்டும்படி கேளுங்கள். இந்தக் குடும்பத்துக்கு அது 350 வெள்ளி என்று கொண்டால், அவர்கள் உண்மையில் தீர்க்கவேண்டியது 6,042 வெள்ளி. அந்த மாதத்துத் தவணை வேறு.

கெடு எத்தனை விதம்

கோரிக்கைக் கடிதத்தில் வரும் 7, 14 அல்லது 21 நாள் என்பது வங்கியோ அதன் வழக்கறிஞரோ ஒப்பந்தத்தை வைத்து எழுதும் கெடு. ‘இக்கடிதத்தின் தேதியிலிருந்து’ என்று இருந்தால் தபாலில் கழிந்த நாட்களும் உங்கள் கணக்கில்தான் சேரும். கெடு முடிந்த மறுநாள் யாரும் வந்து வீட்டைப் பூட்ட முடியாது. வங்கி அடுத்த படிக்குப் போகலாம் என்பதுதான் அதன் பொருள்.

அடுத்த படி, வீட்டுக்குத் தனி நிலப்பட்டா இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. தனிப்பட்டா இருந்து, அதன்மேல் வங்கியின் அடமானம் பதிவாகியிருந்தால், தேசிய நிலச் சட்டம் வழி வகுக்கிறது. அச்சட்டத்தின் 254ஆம் பிரிவுப்படி, ஒப்பந்த மீறல் குறைந்தது ஒரு மாதம் நீடித்த பிறகு, வங்கி 16டி பாரத்தில் அறிவிப்பு அனுப்பலாம். அந்த அறிவிப்பு உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மீறலைச் சரிசெய்யவேண்டும். அடமான ஆவணத்தில் வேறு காலம் குறித்திருந்தால் அது பொருந்தும். கேட்டவுடன் முழுத் தொகையும் செலுத்தவேண்டிய வகைக் கடனுக்கு 255ஆம் பிரிவும் 16ஈ பாரமும் உண்டு. அதற்கும் ஒரு மாதமே. இங்கே நாள் கணக்கு சேர்ப்பித்த தேதியிலிருந்து தொடங்குவதால்தான் உறையைப் பத்திரப்படுத்தச் சொன்னேன்.

அந்த ஒரு மாதமும் கழிந்த பிறகே வங்கி விற்பனை ஆணை கேட்டுப் போகமுடியும். கிராண்ட் போன்ற பதிவக வகைப் பட்டாவாக இருந்தால் உயர் நீதிமன்றத்துக்கும், முக்கிம் வகையான நில அலுவலகப் பட்டாவாக இருந்தால் மாவட்ட நில நிர்வாகியிடமும் அது போகும். நீதிமன்றம் ஆணை கொடுத்தாலும், ஏல நாள் அந்த ஆணைக்குக் குறைந்தது ஒரு மாதம் தள்ளியே இருக்கவேண்டும். இவ்வளவு படிகள் இருப்பதால் முதல் கடிதத்துக்கும் ஏலத்துக்கும் இடையே பல மாதங்கள் ஓடுகின்றன. அலட்சியம் பிறப்பதும் அங்கேதான்.

அடுக்குமாடி வீடுகளில் வசிப்போர் ஒரு விஷயத்தை முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். உங்கள் யூனிட்டுக்கு இன்னும் ஸ்ட்ராத்தா பட்டா வரவில்லை என்றால், வங்கியிடம் இருப்பது பதிவான அடமானம் அல்ல. கடன் ஒப்பந்தத்தோடு சேர்ந்த உரிமை மாற்றப் பத்திரம். அந்தப் பத்திரத்தின் விதிகளின்படி, வங்கி பொதுவாக நீதிமன்ற ஆணை இல்லாமலேயே ஏலதாரர் மூலம் விற்பனைக்குப் போகமுடியும். ஆகவே தரை வீட்டில் இருக்கும் உறவினர் ‘எனக்கு ஒரு வருடம் ஆனது’ என்று சொல்வதை நம்பி ஜெலுத்தோங்கில் பட்டா வராத அடுக்குமாடியில் இருப்பவர் காத்திருக்கக்கூடாது.

பாக்கி நிலையிலேயே பேசி முடிப்பது

நம் பட்டர்வொர்த் குடும்பத்திடம் 6,042 வெள்ளி ரொக்கமாக இல்லை. சேமிப்பில் 1,500 வெள்ளி இருக்கிறது. 2024 மே மாதம் முதல் இபிஎஃப் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டதால், கணவரின் நெகிழ்வுக் கணக்கில் உள்ள 2,000 வெள்ளியையும் எடுக்கமுடியும். இரண்டும் சேர்ந்து இரண்டு தவணைக்கு, அதாவது 2,840 வெள்ளிக்குப் போதும். கைச்செலவுக்கும் கொஞ்சம் மிஞ்சும். மிச்சம் 3,202 வெள்ளியைப் பிரித்துக் கட்ட வங்கியிடம் அனுமதி கேட்கவேண்டும்.

எத்தனை மாதத்தில் என்பதை இங்கே பொறுமையாகக் கணக்குப் போடவேண்டும். வீட்டின் நிகர வருமானம் 3,900 வெள்ளி; சாப்பாடு, பள்ளி, பெட்ரோல், மின்சாரம் எல்லாம் போக 1,800 வெள்ளி மிஞ்சுகிறது. வசூல் அதிகாரி ஆறு மாதத்தில் முடிக்கச் சொல்வார். ஆறு மாதமென்றால் மாதம் 534 வெள்ளி கூடுதல். வழக்கமான தவணையோடு 1,954 வெள்ளி ஆகிறது. இரண்டாம் மாதமே அது உடைந்துவிடும். ஒன்பது மாதமென்றால் கூடுதல் 356 வெள்ளி. மொத்தம் 1,776 வெள்ளி, கைக்குள் அடங்குகிறது. தொலைபேசியில் ஆறு மாதத்துக்குத் தலையாட்டுவதைவிட, ஒன்பது மாதம் கேட்டுச் சம்பளச் சீட்டோடு காரணத்தைக் காட்டுவது நல்லது. ஒருமுறை வாக்குத் தவறிய கணக்குக்கு இரண்டாவது ஏற்பாடு கிடைப்பது கடினம்.

இந்த வேண்டுகோளைக் கிளைக் கவுண்டரில் கொடுப்பதால் பெரிய பயன் இல்லை. அங்கே இருப்பவருக்கு இதைத் தீர்மானிக்கும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. வங்கியின் வசூல் பிரிவுக்கு மின்னஞ்சலில் எழுதி, வழக்கறிஞர் நிறுவனத்துக்கும் நகல் அனுப்பி, கடிதத்தின் மேற்கோள் எண்ணைக் குறிப்பிடுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ அரைப் பக்கம் போதும்: தவணை ஏன் பிந்தியது, இன்று எவ்வளவு கட்டியிருக்கிறேன், மிச்சத்தை எந்தத் தேதியில் எவ்வளவு கட்டுவேன், இந்த ஏற்பாடு நடக்கும் வரை கடனைத் திரும்ப அழைக்காமல் நிறுத்திவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சம்பளச் சீட்டு மூன்று மாதத்துக்கும், பணம் கட்டிய ரசீதும் இணைப்பாகப் போகட்டும்.

முதல் தொகையைக் கெடுவுக்குள்ளேயே கட்டிவிடுங்கள், பதிலுக்காகக் காத்திருக்கவேண்டாம். நான்கு தவணை பாக்கி இரண்டாகக் குறைவது வங்கிக் கணக்கில் உடனே தெரியும். மூன்று மாதப் பாக்கியைத் தாண்டிய கடனை வங்கி செயல்படாக் கடனாக வகைப்படுத்துகிறது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்ட வாடிக்கையாளரிடம் பேசும் தொனியே மாறும். ஆனால் 100, 200 என்று கையில் இருந்ததைப் போட்டுக்கொண்டிருப்பது உதவாது. மாதம் 771 வெள்ளி வட்டி ஏறும் கணக்கில் அது பாக்கியை நகர்த்தாது.

வருமானமே குறைந்துவிட்டால்

ஓவர்டைம் இனித் திரும்பாது என்று தெரிந்தால், பாக்கியை மட்டும் தீர்ப்பதில் பொருளில்லை; தவணையையே குறைக்கவேண்டும். இந்தக் கடனுக்கு இன்னும் ஏறத்தாழ 235 மாதத் தவணைகள் உள்ளன. காலத்தை 25 ஆண்டாக நீட்டினால் தவணை 1,221 வெள்ளியாகும். மாதம் 199 வெள்ளி மிச்சம், ஆனால் கடன் முடியும்போது மொத்தத்தில் ஏறத்தாழ 32,000 வெள்ளி அதிகமாகக் கட்டியிருப்பீர்கள். விலை அதிகம்தான். வீட்டை இழப்பதோடு ஒப்பிட்டால் நான் அதைக் கொடுக்கச் சொல்வேன். நிலைமை தேறியபின் கூடுதலாகக் கட்டிக் காலத்தைக் குறைத்துக்கொள்ளலாம். கடன் முடியும்போது உங்கள் வயது என்ன என்று வங்கி பார்க்கும் என்பதால், ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இந்த வழி குறுகலானது.

கடனட்டை, கார், தனிநபர் கடன் என்று பல இடத்தில் பாக்கி இருந்தால், ஒவ்வொரு வங்கியாகப் பேசுவதைவிட ஏ.கே.பி.கே.யிடம் போவது சரி. பேங்க் நெகாரா 2006இல் அமைத்த அந்த நிறுவனம், எல்லாக் கடனையும் ஒரே திட்டத்தில் அடக்கி வங்கிகளிடம் பேசும். அதற்குக் கட்டணம் இல்லை. வழக்கு முற்றிய நிலையில் அவர்களால் செய்யக்கூடியது குறைந்துவிடும். எனவே அங்கும் முதல் கடிதத்தோடு போகவேண்டும்.

இபிஎஃப் செஜாத்ரா கணக்கிலிருந்து வீட்டுக் கடனைக் குறைக்கப் பணம் எடுக்கும் வசதியும் உண்டு. அதைப் பயன்படுத்தினால், அந்தப் பணத்தை முதலில் பாக்கித் தவணைக்கு வரவு வைக்குமாறு வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். அசலில் மட்டும் கழித்துவிட்டால், பெரிய தொகை கட்டியும் பாக்கி அப்படியே நிற்கக்கூடும்.

கடன் திரும்ப அழைக்கப்பட்ட பிறகு

இந்த நிலையிலும் வங்கிகள் ஒப்புக்கொள்வதுண்டு, ஆனால் நிபந்தனை கடுமையாகும். பாக்கி முழுவதையும் வழக்கறிஞர் செலவோடு ஒரே தடவையில் கேட்பார்கள். ஏற்பாடு பேசாமல் கணக்கில் பணம் போட்டால், வங்கி தன் உரிமைக்குப் பங்கமின்றி அதைப் பெற்றுக்கொண்டு நடவடிக்கையைத் தொடரலாம். ஆகவே பெரிய தொகை கட்டுமுன், இதைக் கட்டினால் திரும்ப அழைப்பும் 16டி அறிவிப்பும் கைவிடப்படும் என்ற கடிதத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அதிகாரி வாயால் சொன்னது நீதிமன்றத்தில் நிற்காது.

நீதிமன்ற ஆவணம் வந்துவிட்டால் வழக்கறிஞர் இல்லாமல் போகவேண்டாம். விற்பனை ஆணையைத் தடுக்கும் காரணங்கள் மிகக் குறுகியவை: அடமானமே மோசடி போன்றவற்றால் செல்லாதது, அறிவிப்பு சட்டப்படி சேர்ப்பிக்கப்படவில்லை என்பதுபோல நிலச் சட்டத்தின் படிகள் தவறியது, ஆணை சட்டத்துக்கோ நியாயத்துக்கோ முரணானது. வேலை போனது, உடல்நலம் கெட்டது, தொகையில் சில ஆயிரம் வேறுபாடு என்பவை மட்டும் போதுமானவையாக ஏற்கப்படுவதில்லை. நீதிபதி இரக்கப்படலாம்; ஆணையை நிறுத்த அது காரணமாகாது.

வீட்டைக் காப்பாற்ற முடியாது என்று கணக்கு சொன்னால், நீங்களே விற்பதே மேல். கடனை முழுதாகத் தீர்க்க எவ்வளவு ஆகும் என்று காட்டும் அறிக்கையை வங்கியிடம் வாங்கி, வாங்குபவரோடு போட்ட விற்பனை ஒப்பந்தத்தைக் காட்டி, அது முடியும் வரை நடவடிக்கையை நிறுத்திவைக்கக் கேட்கலாம். ஏலத்தில் ஆள் வராவிட்டால் ஒதுக்கு விலையை, அதாவது ஏலத்தின் குறைந்தபட்ச விலையை, 10 விழுக்காடு வீதம் இறக்குவது வழக்கம்: 300,000 வெள்ளி வீடு இரண்டாம் ஏலத்தில் 270,000, மூன்றாவதில் 243,000. நம் குடும்பத்தின் கடன் 231,400 வெள்ளி. வட்டியும் செலவும் ஏறிய பிறகு அந்த மூன்றாவது விலை கடனைத் தீர்க்கவே போதாமல் போகலாம். வீடு போன பிறகும் குறையும் தொகைக்கு நீங்கள் பொறுப்பு. அந்தக் குறை 100,000 வெள்ளியை எட்டினால் திவால் நடவடிக்கைக்கும் இடமுண்டு. சொந்தக் குடியிருப்புக்கான கடனுக்கு இலாபம் கருதாமல் ஜாமீன் நின்ற உறவினரை 2017ஆம் ஆண்டுத் திருத்தம் திவாலாக்கலிலிருந்து காக்கிறது. ஆனால் கடன் பொறுப்பிலிருந்து அவரை அது விடுவிப்பதில்லை.

பதிவான அடமானத்தில் கடைசி வாயில் ஒன்று உண்டு. தேசிய நிலச் சட்டத்தின் 266ஆம் பிரிவுப்படி, ஏலம் முடிவதற்கு முன் எந்த நேரத்திலும், ஆணையில் குறித்த தொகையைச் செலவோடு செலுத்தினால் விற்பனை ஆணை செயலிழக்கும். இங்கே கேட்கப்படுவது முழுக் கடன், நான்கு தவணை அல்ல.

முறையீடு செய்ய நினைத்தால்

கணக்குத் தவறு, கட்டிய பணம் ஏறாதது, வசூல் முகவரின் மிரட்டல் போன்றவற்றுக்கு முதலில் வங்கியின் புகார் பிரிவுக்கு எழுதுங்கள். அதன் இறுதிப் பதிலில் திருப்தி இல்லாவிட்டால், ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவையிடம் போகலாம். தவணையை மாற்றித்தர மறுத்தது வங்கியின் கடன் முடிவு என்பதால் அதை அங்கே கொண்டுபோக முடியாது. நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். புகார் கொடுத்துவிட்டதாலேயே கெடு நின்றுவிடாது. ஆகவே, தகராறு இல்லாத தொகையை அதற்குள் கட்டிவிட்டு, தகராறுள்ள தொகைக்கு மட்டும் புகாரை நடத்துங்கள்.